Q4MJ+4P தஞ்சாவூர்: இந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன?

கூகுள் மேப்ஸில் ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் கீழே Q4MJ+4P என்பதுபோல், நடுவில் ஒரு கூட்டல் குறியோடு, புரியாத எழுத்துக் கோவை ஒன்று இருக்கும். இதற்குப் பிளஸ் கோட் என்று பெயர். ஆளாளுக்கு இதைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கிறார்கள். கூகுள் நம் வீட்டுக்குக் கொடுத்த நம்பர் என்பார் ஒருவர். புதுவகைப் பின்கோடு என்பார் இன்னொருவர். பதிவு செய்தவர்களுக்குத்தான் கிடைக்கும், வீடு கைமாறினால் கோடும் மாறும் என்றுகூடச் சிலர் நம்புகிறார்கள்.

எல்லாமே தவறு. இந்தத் தவறுகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: இதையும் ஒரு முகவரி என்று நினைத்துக்கொள்வது. பிளஸ் கோட் வீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது தரையைப் பற்றிப் பேசுகிறது. பூமி முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டினால், அதில் ஒரு கட்டத்துக்கு என்ன பெயர் வரும் என்பதுதான் அது. அந்தப் பெயரைப் பேப்பரும் பேனாவும் வைத்து நாமே கண்டுபிடிக்கலாம். இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப்போகிறோம்.

## முகவரி என்பது யாரோ கொடுப்பது

வழக்கமான முகவரி ஒன்று உருவாக வேண்டுமென்றால் தெருவுக்குப் பெயர் வேண்டும், கதவுக்கு எண் வேண்டும், இரண்டையும் யாராவது ஓர் அலுவலகம் கொடுத்து ஏட்டில் ஏற்ற வேண்டும். பின்கோடும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டு அஞ்சல் துறை நாட்டைப் பிரித்து எண் கொடுத்தது. எந்தத் தபால் நிலையம் எந்த எண்ணில் வரும் என்பது அலுவலகத்தில் எடுத்த முடிவு.

அலுவலகம் எட்டாத இடங்களில் முகவரியும் இருக்காது. புறம்போக்கில் எழுந்த குடியிருப்பு, வயலுக்கு நடுவே கட்டிய வீடு, நேற்று மனை போட்டு விற்ற நகர், மலைக் கிராமம் ஆகிய இடங்களில் "மாரியம்மன் கோயில் தாண்டி இரண்டாவது வலது" என்பதுதான் முகவரி. முகவரி இருக்கிற ஊரிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவில் இரண்டு எண் தொங்கும் சென்னைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் அட்ரஸிங் தி அன்அட்ரஸ்டு என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாக இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறது. தெருவென்று சொல்ல முடியாத சந்துகளில் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கதவிலும் ஒரு குறியீட்டைப் பலகையில் எழுதி மாட்டுவது அவர்கள் வேலை. தொடக்கத்தில் வேறொரு குறியீட்டு முறையைப் பயன்படுத்தியவர்கள், பிறகு பிளஸ் கோடுக்கு மாறினார்கள். தெருவுக்குப் பெயர் வைக்கவோ வரிசை எண் போடவோ அவர்கள் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் போதும், குறியீடு தானாக வந்துவிடும்.

## சினிமா தியேட்டர் சீட்டு மாதிரி

தியேட்டரில் F 12 என்று டிக்கெட் கொடுக்கிறார்கள். F என்றால் வரிசை, 12 என்றால் அந்த வரிசையில் எத்தனையாவது இருக்கை. இரண்டும் சேர்ந்தால் ஒரே ஓர் இருக்கைதான். அந்த இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கும் F 12 என்ற பெயருக்கும் சம்பந்தமில்லை. காலியாக இருந்தாலும் அது F 12தான்.

பிளஸ் கோடும் இப்படி வரிசை ஒன்று, இருக்கை ஒன்று என்று சோடி சோடியாகத்தான் எழுதப்படுகிறது. ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வோர் இருக்கைக்குள்ளும் இன்னொரு குட்டித் தியேட்டர் இருக்கிறது. அதற்குள் மறுபடியும் வரிசை, இருக்கை. அதற்குள் இன்னொன்று. இப்படி ஐந்து தடவை உள்ளே போகிறோம். ஐந்து சோடி, ஆகப் பத்து எழுத்து.

வரிசையையும் இருக்கையையும் எண்ணுவதற்கு ஏற்கெனவே நம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது அட்சரேகை. லண்டனிலுள்ள கிரீனிச் கோட்டிலிருந்து கிழக்கேயோ மேற்கேயோ எவ்வளவு தள்ளி என்பது தீர்க்கரேகை. இரண்டையும் டிகிரியில் சொல்வார்கள். நம் பகுதியில் ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 110 கிலோமீட்டர்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அட்சரேகை 10.7828, தீர்க்கரேகை 79.1318 என்ற இடத்தில் இருக்கிறது. இடத்தைச் சொல்ல இந்த இரண்டு எண்ணே போதும்தான். ஆனால் இதைப் போனில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். எது முதலில், புள்ளி எங்கே, கடைசி எண் எட்டா ஏழா என்று மூன்று முறையாவது திருப்பிக் கேட்பார். அந்த இரண்டு எண்ணையும் ஒரே சின்னச் சொல்லாகப் பின்னுவதுதான் பிளஸ் கோடின் வேலை. கூகுளின் சூரிச் அலுவலகத்துப் பொறியாளர்கள் இதை உருவாக்கி 2014இல் வெளியிட்டார்கள். செய்முறை முழுவதும் பொதுவில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

## இருபது எழுத்துகள்

ஒவ்வோர் அடுக்கிலும் இருபது வரிசை, வரிசைக்கு இருபது இருக்கை. அதனால் பெயர் வைக்க இருபது எழுத்து வேண்டும். தேர்ந்தெடுத்தவை இவை:

```
23456789CFGHJMPQRVWX
```

முதல் எழுத்தான 2 என்பதற்கு மதிப்பு 0. அடுத்த 3க்கு 1. இப்படியே போய் கடைசி X எழுத்துக்கு 19. இதில் இல்லாத எழுத்துகளைக் கவனித்தால் யோசனை புரியும். 0 இருந்தால் O என்று படிப்பார்கள், 1 இருந்தால் I அல்லது L என்று படிப்பார்கள், எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். 8 இருப்பதால் B இல்லை, 5 இருப்பதால் S இல்லை, 2 இருப்பதால் Z இல்லை. A, E, I, O, U ஐந்தும் இல்லாததால், தற்செயலாக அசிங்கமான சொல் எதுவும் ஒருவர் வீட்டுக் கோடாக அமைந்துவிடாது.

## பெரிய கோயிலுக்குக் கணக்குப் போடுவோம்

முதலில் மைனஸ் எண்கள் வராமல் இருக்க, அட்சரேகையோடு 90ஐயும் தீர்க்கரேகையோடு 180ஐயும் கூட்டிக்கொள்கிறோம். தென் துருவத்திலிருந்தும், பசிபிக் நடுவிலுள்ள கோட்டிலிருந்தும் எண்ணத் தொடங்குகிறோம் என்று அர்த்தம். பெரிய கோயிலுக்கு 100.7828, 259.1318 என்று வருகிறது.

முதல் அடுக்கில் கட்டம் ஒவ்வொன்றும் 20 டிகிரிக்கு 20 டிகிரி. 100.7828இல் 20 ஐந்து முறை போகும், மீதி 0.7828. மதிப்பு 5 உள்ள எழுத்து 7. அடுத்து 259.1318இல் 20 பன்னிரண்டு முறை போகும், மீதி 19.1318. மதிப்பு 12 உள்ள எழுத்து J. ஆக முதல் சோடி 7J. இந்தக் கட்டத்தின் பக்கம் சுமார் 2,200 கிலோமீட்டர். இந்தியாவில் ஏறக்குறையப் பாதி இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இரண்டாம் அடுக்கில் அந்தக் கட்டத்தை இருபதாக வெட்டினால் ஒரு டிகிரிக் கட்டம். மீதியிருந்த 0.7828இல் முழு டிகிரி ஒன்றும் இல்லை, எனவே 0, அதாவது 2. மறுபக்கம் 19.1318இல் 19, அதாவது X. இரண்டாம் சோடி 2X. இனி ஒவ்வொரு முறையும் கட்டத்தை இருபதால் வகுத்துக்கொண்டே இதையே திரும்பச் செய்ய வேண்டியதுதான். இடது பக்கம் கட்ட அளவு, நடுவில் கிடைத்த எண்கள், வலது பக்கம் எழுத்துகள்:

```
20       :  5, 12  ->  7 J
1        :  0, 19  ->  2 X
0.05     : 15,  2  ->  Q 4
0.0025   : 13, 12  ->  M J
0.000125 :  2, 14  ->  4 P

7J2XQ4MJ+4P
```

எட்டு எழுத்து முடிந்ததும் ஒரு கூட்டல் குறி. அந்தக் குறிக்குக் கணக்கில் மதிப்பு எதுவும் இல்லை. இது பிளஸ் கோட் என்று அடையாளம் காட்டவும், குறிக்கு முன்னால் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவும்தான் அது இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று தொகுத்துக்கொள்வோம். எந்த அலுவலகமும் எந்த ஏடும் இதில் நுழையவே இல்லை. வெறும் வகுத்தல்தான். கோயில் கட்டுவதற்கு முன்பும் அந்தத் தரைக்கு இதே கோடுதான் வந்திருக்கும். கோடு வாங்க யாரிடமும் பதிவு செய்யத் தேவையில்லை. வீடு கைமாறினால் கோடு மாறவும் வழியில்லை. இணைய இணைப்பு இல்லாத போனிலும் இந்தக் கணக்கைப் போட முடியும்.

## முன்னால் இருந்த நாலு எழுத்து எங்கே?

நாம் கண்டுபிடித்தது 7J2XQ4MJ+4P. மேப்ஸ் காட்டுவதோ Q4MJ+4P, தஞ்சாவூர். முதல் நாலு எழுத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். இது சுருக்கக் கோட். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வருகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் நாலு எழுத்து எந்த ஒரு டிகிரிக் கட்டம் என்று சொல்கிறது. அதை எடுத்துவிட்டால், மிச்சமுள்ள Q4MJ+4P எல்லா ஒரு டிகிரிக் கட்டத்துக்குள்ளும் ஒரு முறை வரும். பூமியில் அப்படி 64,800 கட்டம் உண்டு. அதாவது, Q4MJ+4P என்ற இடம் உலகத்தில் 64,800 இருக்கிறது! பெரிய கோயிலுக்கு நேர் மேற்கே ஒரு டிகிரி தள்ளி, கரூருக்குத் தெற்கே ஒன்று. நேர் வடக்கே, கள்ளக்குறிச்சிக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவில் ஒன்று. நேர் தெற்கே ஒன்று தொண்டிக்கு அப்பால் கடலில் மிதக்கிறது. கிழக்கே உள்ளதும் கடல்தான், நாகப்பட்டினத்துக்கு வெளியே.

இத்தனையில் எது என்று முடிவு செய்ய ஒரு விதி இருக்கிறது: சொன்ன ஊருக்கு மிக அருகில் உள்ளது எதுவோ அதுவே. தஞ்சாவூர் என்று சொன்னால் பெரிய கோயில் கிடைக்கும். கும்பகோணம் என்று சொன்னாலும் அதேதான், ஏனென்றால் கும்பகோணத்துக்கும் கிட்டத்தில் உள்ள Q4MJ+4P அதுதான். திருச்சி என்று சொன்னாலும் தப்பித்துவிடும், ஆனால் ஓரத்தில்தான். பெரிய கோயிலிலிருந்து திருச்சி மேற்கே சுமார் 0.43 டிகிரி, அரை டிகிரியைத் தாண்டினால் மேற்கே உள்ளது கிட்டத்தில் வந்துவிடும். கரூர் என்று சொன்னால் ஆள் வேறு இடத்துக்குத்தான் போவார்.

ஊர்ப் பெயரே இல்லாமல் வெறும் Q4MJ+4P என்று மட்டும் ஒருவருக்கு அனுப்பினால், அவர் போன் பொதுவாக அவர் இருக்கும் இடத்துக்கு அருகில் உள்ளதைத்தான் காட்டும். கரூரில் இருக்கும் லாரி டிரைவருக்கு அது கரூர்ப் பக்கத்து இடம். போனைக் குறை சொல்லிப் பயனில்லை. விதிப்படி அது சரியாகத்தான் செய்தது. ஊர்ப் பெயரை எழுதும்போதும் வெறும் சேலம் என்றால் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது. புதூர், மேலூர் மாதிரியான பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாவட்டமோ மாநிலமோ சேர்த்து எழுதுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. இணையம் இல்லாமலே கோடைப் படிக்கலாம் என்றேனே, அது முழுக் கோடுக்குத்தான் முழுசாகப் பொருந்தும். சுருக்கக் கோடில் தஞ்சாவூர் எங்கே இருக்கிறது என்று போனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஊர்ப் பட்டியல் வேண்டும், பட்டியலுக்குப் பெரும்பாலும் இணையம் வேண்டும்.

## மதுரை 6, மேலூர் 7

கோட் ஒரே மாதிரி தொடங்கினால் இரண்டு இடமும் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். வேறு மாதிரி தொடங்கினால் தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இதற்கு நம் ஊரே அருமையான எடுத்துக்காட்டு, ஏனென்றால் 20 டிகிரிப் பெருங்கட்டங்களின் எல்லைக்கோடுகள் இரண்டு நம் மேலேயே ஓடுகின்றன.

அட்சரேகை 10 டிகிரியில் ஓடும் கோடு மதுரைக்கும் மேலூருக்கும் நடுவில் போகிறது. மதுரை நகரத்தின் கோடுகள் 6JXW என்று தொடங்கும். பஸ்ஸில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் போய்விடும் மேலூரில் 7J2W என்று தொடங்கும். தீர்க்கரேகை 80 டிகிரிக் கோடு சிங்கப்பெருமாள்கோயில் அருகே கடக்கிறது. அதனால் செங்கல்பட்டு 7J4X, தாம்பரம் 7M42. கடலுக்கு அந்தப்பக்கமும் அதே 80 டிகிரிக் கோடுதான் யாழ்ப்பாண நகரத்தையும் ஊர்காவற்றுறையையும் பிரிக்கிறது: ஒன்று 6MX2, மற்றது 6JXX. 6J, 6M, 7J, 7M நான்கும் ஒரு புள்ளியில் சந்திப்பது கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே, பாக் நீரிணையில்.

இதனால் வரும் நடைமுறைத் தொல்லை குறைவுதான். மேலூரில் உள்ள ஓர் இடத்துக்குச் சுருக்கக் கோடோடு மதுரை என்று எழுதினால் என்ன ஆகும்? போன் முதலில் மதுரையின் 6JXW எழுத்துகளை முன்னால் ஒட்டிப் பார்க்கும். இடம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி தெற்கே போய் விழும். அரை டிகிரிக்கு மேல் விலகிவிட்டதே என்று அதுவே கணக்குப் போட்டு, ஒரு டிகிரி வடக்கே நகர்த்திச் சரியான இடத்துக்கு வந்துவிடும். "அருகில் உள்ளது" என்ற விதி எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. தொல்லை வருவது நாம் எக்செல் தாளில் கோடுகளை அகர வரிசைப்படி அடுக்கி, அடுத்தடுத்து வருவதெல்லாம் அடுத்தடுத்த வீடு என்று நினைக்கும்போதுதான்.

## ஒரு கட்டத்துக்குள் எத்தனை வீடு?

பத்து எழுத்துக் கோட் காட்டும் கட்டம் தஞ்சாவூர்ப் பக்கம் ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர். சதுர அடியில் சுமார் 2,000. ஒரு கிரவுண்டை விடக் கொஞ்சம் குறைவு. தனி வீட்டுக்கு இது போதும். பெரிய கோயில் மாதிரியான வளாகத்துக்கோ, ஒரே கோட் என்று எதுவும் கிடையாது. கோபுரத்துக்கு ஒன்று, நந்திக்கு ஒன்று, செருப்பு விடும் இடத்துக்கு ஒன்று என்று பல கட்டம் விரிந்து கிடக்கும். மேலே போட்ட கணக்கு வளாகத்துக்குள் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு போட்டது, அவ்வளவே.

கொல்கத்தாக் குடிசைப் பகுதி மாதிரியான நெரிசலில் சிக்கல் எதிர்ப்பக்கம். பத்தடி அகல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒரே கட்டத்துக்குள் பல குடும்பம் அடங்கிவிடும். இதற்காகப் பதினோராவது எழுத்து ஒன்று இருக்கிறது. அது கட்டத்தை வடக்கு தெற்காக ஐந்தும் கிழக்கு மேற்காக நான்கும் ஆக வெட்டுகிறது. கிடைக்கும் துண்டு சுமார் மூன்று மீட்டர். ஒரு வாசலைச் சுட்ட இது போதும். ஆனால் மாடியைச் சுட்ட எந்த எழுத்தாலும் முடியாது. தரைத்தளத்துக்கும் ஐந்தாம் மாடிக்கும் ஒரே கோட்தான், ஏனென்றால் உயரம் கணக்கிலேயே இல்லை. அதைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும்.

கோட் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு துல்லியம் அதை எடுத்த விதத்துக்கும் வேண்டும். திறந்த வெளியில் போனின் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம். வீட்டுக்குள் கான்கிரீட்டுக்கு அடியில் இன்னும் அதிகம். நீலப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம் ஒன்று தெரியுமே, அந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்றுதான் போன் சொல்கிறது. வட்டம் பெரிதாக இருக்கும்போது கோட் எடுத்தால் பக்கத்து வீட்டுக் கட்டம் வந்து சேரும். அதைவிட செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வாசலைக் கண்ணால் கண்டுபிடித்து, அங்கே விரலை அழுத்திப் பிடித்து எடுப்பது நம்பகமானது. வீட்டு நடுக்கூடத்தை விட வாசல் கேட்டைத் தேர்ந்தெடுங்கள். வருகிறவர் வண்டி நிற்கப்போவது அங்கேதான்.

டெல்டாப் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கோட் இடத்தைச் சொல்லும், வழியைச் சொல்லாது. வாய்க்காலுக்கு அக்கரையில் வீடு இருந்து, இக்கரையில் தார்ச்சாலை இருந்தால், வழிகாட்டும் ஆப் பல நேரம் இக்கரையில் கொண்டுவந்து விட்டு "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிடும். வீடு கண்ணுக்குத் தெரியும், பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். "கிழக்குப் பாலம் வழியாக வரவும்" என்ற நாலு வார்த்தையைக் கோடோடு சேர்ப்பதுதான் இதற்கு மருந்து.

## ஓர் எழுத்து தவறினால்

எழுத்து முன்னால் இருக்க இருக்க அதன் எடை அதிகம். Q4MJ+4P என்பதில் கடைசி Pயை Q என்று எழுதிவிட்டால் இடம் 14 மீட்டர் கிழக்கே நகரும், பக்கத்து வாசல். நாலாவதாக உள்ள Jயை அடுத்த எழுத்தான M என்று எழுதினால் சுமார் 275 மீட்டர், நாலைந்து தெரு தள்ளி. இரண்டாவதாக உள்ள 4ஐ 5 என்று எழுதினால் ஐந்தரைக் கிலோமீட்டர். முழுக் கோடின் முதல் எழுத்துத் தவறினால் வேறு நாடே வரலாம்.

இதில் ஒரு குறை உண்டு. ஆதார் எண்ணிலோ வங்கி அட்டை எண்ணிலோ ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணினி அதைக் கண்டுபிடித்து மறுத்துவிடும். கடைசி இலக்கம் அதற்காகவே வைத்த சரிபார்ப்பு இலக்கம். பிளஸ் கோடில் அப்படி எதுவும் இல்லை. தவறான கோடும் எங்கோ ஓர் இடத்தின் சரியான கோட்தான். என் கருத்தில் இது சின்னக் குறையில்லை. போனில் வாசித்துக் காட்டும்போது G, J இரண்டும், V, W இரண்டும் எளிதில் மாறிப்போகும். அதனால் வாய்மொழியாகச் சொன்ன பிறகு, எதிர்முனையில் உள்ளவரை வரைபடத்தில் போட்டு "எந்த ஊர், பக்கத்தில் என்ன தெரிகிறது" என்று திருப்பிச் சொல்லச் சொல்வதுதான் ஒரே சரிபார்ப்பு.

## அப்புறம் இந்த டிஜிபின்?

2025 மே மாதம் இந்திய அஞ்சல் துறை டிஜிபின் என்ற தன் சொந்தக் குறியீட்டை வெளியிட்டது. ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. பெயரைப் பார்த்துப் பின்கோடுக்குப் பதிலாக வந்தது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை, பின்கோடும் பழைய முகவரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. டிஜிபினும் தரைக்கட்டத்தின் பெயர்தான். மேலே படித்தது புரிந்திருந்தால் இது பாதி புரிந்த மாதிரி.

வித்தியாசம் வெட்டும் முறையில் இருக்கிறது. உலகம் முழுவதற்கும் பதிலாக, இந்தியாவையும் அதன் கடற்பகுதியையும் அடக்கிய 36 டிகிரிச் சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அதை நாலுக்கு நாலாக, பதினாறு கட்டமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. சோடி இல்லை; ஓர் எழுத்தே வரிசை, இருக்கை இரண்டையும் சொல்லிவிடும். இப்படிப் பத்து முறை வெட்டினால் கிடைப்பது நான்கு மீட்டருக்கும் சற்றுக் குறைவான கட்டம். அதே பத்து எழுத்துதான். ஆனால் உலகத்தின் மற்ற பகுதிகளுக்கு எழுத்தைச் செலவழிக்காததால் கட்டம் இன்னும் சிறிதாகிறது. எழுதும்போது மூன்று, மூன்று, நான்கு எழுத்தாகப் பிரித்து நடுவில் சிறு கிடைக்கோடு போடுவார்கள். டெல்லியில் அஞ்சல் துறைத் தலைமையகமான டாக் பவனின் எண் 39J-49L-L8T4.

எல்லைக்கோட்டுக் கதை இங்கும் உண்டு. முதல் வெட்டின் ஒரு கோடு 11.5 டிகிரியில் ஓடுகிறது. அதனால் கடலூரும் சேலமும் 4 என்று தொடங்கும், சிதம்பரமும் நாமக்கல்லும் M என்று தொடங்கும். ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சுருக்கும் வழக்கம் டிஜிபினில் கிடையாது. ஒவ்வொரு முறையும் பத்து எழுத்தும் எழுத வேண்டும். நினைவில் வைக்க அது கடினம், ஆனால் ஊரை மறந்து கரூருக்குப் போகும் ஆபத்தும் இல்லை.

எதை எழுதுவது என்று கேட்டால், இன்றைக்கு வழி தேடி வருகிறவர் கையில் பெரும்பாலும் கூகுள் மேப்ஸ் இருப்பதால் பிளஸ் கோடைத்தான் முதலில் சொல்வேன். ஒருவருக்கு ஒரு தடவை அனுப்பச் சுருக்கக் கோடும் ஊரும் மாவட்டமும் போதும். கேட்டில் பெயின்ட் அடிப்பதாக இருந்தால், எட்டு எழுத்தும் கூட்டல் குறியும் இரண்டு எழுத்துமாக முழுக் கோடையே எழுதுங்கள். கீழே கதவு எண் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் எத்தனையாவது மாடி, எந்தப் பாலம் வழியாக வர வேண்டும் என்பதையும்.